ஒரே வேலை, இரண்டு சம்பளம்: காரணம் சொல்ல முடிகிறதா?

சம்பள விவரத்தை எவ்வளவு பூட்டி வைத்தாலும் அது ஒருநாள் வெளியே வந்துவிடும். வீட்டுக் கடனுக்காக எடுத்த சம்பளச் சீட்டின் நகல் ஜெராக்ஸ் மெஷினிலேயே தங்கிப்போகும். வேலையை விட்டுப் போகிறவர் கடைசி நாளில் மனம் விட்டுப் பேசிவிடுவார். பக்கத்து மேசையில் அதே வேலையைப் பார்க்கிறவர் தன்னைவிடப் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாக வாங்குகிறார் என்று தெரிந்த பிறகு, யாரும் அன்று மாலை வீட்டுக்கு நிம்மதியாகப் போவதில்லை. மறுநாள் ஒரு கேள்வி மேலாளரிடம் வரும்: "எனக்கு மட்டும் ஏன் குறைவு?"

நடுத்தரத் தனியார் நிறுவனங்கள் பலவற்றில் இதற்குப் பதில் கிடைப்பதில்லை. நிர்வாகம் பதிலை மறைக்கிறது என்று ஊழியர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மறைக்க எதுவும் இருக்காது, ஏனென்றால் பதிலே கிடையாது. ஒருவரின் சம்பளத்தை ஆறு வருடத்துக்கு முன் ஒரு மேலாளர் முடிவு செய்திருப்பார். இன்னொருவருடையதை, அவசரமாக ஆள் தேவைப்பட்ட ஒரு மாதத்தில் வேறொருவர் முடிவு செய்திருப்பார். இரண்டு தொகைகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

அரசு ஊழியர்களுக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு. ஏழாவது ஊதியக் குழு பரிந்துரைத்து 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு ஊதிய அட்டவணையில் முதல் நிலை 18,000 ரூபாயில் தொடங்கி 56,900 வரை போகிறது. அதிகாரிகள் சேரும் பத்தாம் நிலை 56,100-இல் தொடங்குகிறது. தன் இடம் எது, அடுத்த வருடம் எந்தக் கட்டத்துக்குப் போவோம் என்பதை யார் வேண்டுமானாலும் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தொழிற்சங்கம் உள்ள ஆலைகளில் தொழிலாளர்களுக்கும் ஒப்பந்தம் உண்டு. தமிழ்நாட்டுத் தொழிற்பேட்டைகளில் '12(3) ஒப்பந்தம்' என்றால் எல்லோருக்கும் புரியும். இந்த இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்பவர்கள்தான் மாதச் சம்பள ஊழியர்கள்: பொறியாளர்கள், கணக்காளர்கள், கொள்முதல் பிரிவினர். அவர்களுக்கான அட்டவணையை நிறுவனமே உட்கார்ந்து உருவாக்க வேண்டும். எச்.ஆர். துறையினர் 'பே பேண்டு' என்று சொல்லும் சம்பள வரம்பு அதுதான்.

அதை எப்படி உருவாக்குகிறார்கள், உருவாக்கிய பிறகு ஊழியரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். கோவையில் பம்பும் மோட்டாரும் தயாரிக்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கவிதா, பிரபு என்று இரண்டு பொறியாளர்கள். பெயர்களும் தொகைகளும் கற்பனை. நடப்பது மட்டும் பல ஆலைகளில் நடப்பதுதான். கவிதாவுக்கு எட்டு வருட அனுபவம், அதில் ஆறு வருடம் இதே நிறுவனத்தில். அவருடைய மாத மொத்தச் சம்பளம் 43,000 ரூபாய். பிரபுவுக்கு ஏழு வருட அனுபவம். போன வருடம் சேர்ந்தார். அவருக்கு 56,000. இருவரின் வேலையும் ஒன்றே. வித்தியாசம் 13,000.

ஆளை மறந்து வேலையை எடைபோடுதல்

முதல் வேலை, சம்பளப் பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொரு பணியிடத்திலும் என்ன வேலை நடக்கிறது என்று எழுதுவது. பதவிப் பெயரை நம்பி இதைச் செய்ய முடியாது. ஏதோ ஒரு வருடம் இன்கிரிமென்ட் கொடுக்க முடியாதபோது, மனம் கோணக் கூடாதென்று ஒருவருக்கு 'சீனியர் இன்ஜினியர்' என்று பெயர் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். பெயர் மாறியிருக்கும், வேலை மாறியிருக்காது. அதனால் அந்த இடத்தில் இருப்பவர் எதை முடிவு செய்கிறார், யாரைக் கேட்காமல் செய்யலாம், அவர் தவறு செய்தால் யாருக்கு எவ்வளவு நஷ்டம், எத்தனை பேர் அவர் பேச்சைக் கேட்டு வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

அடுத்து மதிப்பெண். இந்த நிறுவனம் நூறு மதிப்பெண்ணை நான்காகப் பிரிக்கிறது: அறிவும் திறனும் 35, பொறுப்பு 35, முடிவெடுக்கும் சிக்கல் 20, வேலைச் சூழல் 10. எந்தக் காரணிக்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு நிறுவனமும் தன் தொழிலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. ஆனால் ஒருமுறை முடிவு செய்தபின் எல்லாப் பணியிடங்களுக்கும் அதே அளவுகோல்தான். உற்பத்தி, தரம், கொள்முதல், கணக்கு என நான்கு பிரிவு ஆட்களைச் சேர்த்து உட்காரவைத்து மதிப்பெண் போடச் சொல்வது நல்லது. ஒரே பிரிவினர் போட்டால் தங்கள் வேலைதான் கனமானது என்று தோன்றிவிடும்.

தரப் பொறியாளர் பணிக்கு அறிவில் 24, பொறுப்பில் 22, முடிவெடுப்பதில் 13, சூழலில் 5 என மொத்தம் 64 வருகிறது. உற்பத்திப் பொறியாளர் பணிக்கு முறையே 22, 25, 12, 7 என 66. அளவுக் கருவிகளைப் பற்றித் தரப் பொறியாளருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்; உற்பத்திப் பொறியாளர் முப்பது தொழிலாளர்களையும் ஷிஃப்டின் இலக்கையும் சுமக்கிறார். தன்மை வேறு, எடை ஏறத்தாழ ஒன்று. 55 முதல் 70 மதிப்பெண் வரை நான்காம் கிரேடு என்று வைத்திருப்பதால் இரண்டும் ஒரே கிரேடில் வந்து உட்காருகின்றன. இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் தனிக் கிரேடு கேட்க முடியாது. இந்த அளவுகோல் அத்தனை நுட்பமானது அல்ல. அப்படி நுட்பமானதுபோல் நடிக்கவும் கூடாது.

இந்தக் கட்டத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். "கவிதா ரொம்பக் கெட்டிக்காரர், அவருக்கு அறிவில் 30 போடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். எடைபோடுவது நாற்காலியை, அதில் உட்கார்ந்திருப்பவரை அல்ல. கவிதாவின் கெட்டிக்காரத்தனத்துக்கு வரம்புக்குள்ளேயே இடம் இருக்கிறது. அது பிறகு வரும்.

வெளியே என்ன விலை?

வேலையின் எடை தெரிந்தபின், அதற்கு வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சம்பளக் கணக்கெடுப்புகளை விலைக்குக் கொடுக்கும் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. தொழில் சங்கங்கள் வழியாக உறுப்பு நிறுவனங்கள் பெயர் சொல்லாமல் தொகைகளைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. சொந்த அனுபவமும் ஓர் ஆதாரம்: கடந்த ஒரு வருடத்தில் நாம் கொடுத்த ஆஃபரை எத்தனை பேர் மறுத்தார்கள், எந்தத் தொகைக்குப் போனார்கள்?

இங்கே ஒப்பிட வேண்டியது அதே ஊரில், ஏறத்தாழ அதே அளவுள்ள, அதே ஆட்களைத் தேடும் நிறுவனங்களை. கோவைப் பம்பு ஆலையின் தரப் பொறியாளருக்கு பெங்களூரு மென்பொருள் நிறுவனத்தின் சம்பளம் ஒப்பீடு ஆகாது. வேலைவாய்ப்புத் தளங்களில் போடும் தொகைகளை அப்படியே எடுப்பதும் ஆபத்து. அவை பெரும்பாலும் விளம்பரத் தொகைகள், உண்மையில் கைக்குப் போனவை அல்ல. சராசரியையும் நம்ப வேண்டாம். ஒரே ஒருவர் மிக அதிகமாக வாங்கினால் சராசரி மேலே போய்விடும். எல்லாச் சம்பளங்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வதே வழக்கம்.

நம் எடுத்துக்காட்டில் கணக்கெடுப்பு காட்டும் நடுத்தொகை 48,000. ஆனால் அது ஆறு மாதத்துக்கு முன் எடுத்தது. இந்தத் துறையில் சம்பளங்கள் வருடத்துக்கு எட்டு சதவீத அளவில் ஏறுகின்றன என்றால், அரை வருடத்துக்கு நான்கு சதவீதம் சேர்க்க வேண்டும். அது ஏறத்தாழ 50,000. சந்தையோடு சமமாக நிற்போம் என்று நிறுவனம் முடிவு செய்தால், நான்காம் கிரேடின் நடுப்புள்ளி 50,000.

அதிலிருந்து கீழே இருபது சதவீதம், மேலே இருபது சதவீதம் விட்டால் வரம்பு 40,000 முதல் 60,000 வரை. மூன்றாம் கிரேடின் நடுப்புள்ளி 40,000 என்பதால் அதன் வரம்பு 32,000 முதல் 48,000. கீழ்க் கிரேடின் உச்சி மேல் கிரேடின் அடியைவிட உயரமாக இருப்பதைக் கண்டு சிலர் திடுக்கிடுவார்கள். அது பிழை அல்ல. நீண்ட அனுபவமுள்ள ஆய்வாளர் ஒருவர், நேற்று சேர்ந்த இளம் பொறியாளரைவிடக் கூடுதலாக வாங்குவது நியாயமே. மத்திய அரசு அட்டவணையின் முதல் நிலை முடியும் 56,900-ஐயும், பத்தாம் நிலை தொடங்கும் 56,100-ஐயும் மறுபடி பார்த்தால் இதே ஏற்பாடு அங்கேயும் இருப்பது தெரியும்.

கடைசியாக, வரம்புக்குள்ளே யார் எங்கே என்பதற்கு விதி வேண்டும். 40,000 முதல் 46,000 வரை வேலையைக் கற்றுக்கொண்டிருப்பவர்கள். 46,000 முதல் 54,000 வரை வேலையை யார் துணையும் இல்லாமல் முழுதாகச் செய்பவர்கள். அதற்கு மேல், வருடத்துக்கு வருடம் சிறப்பாகச் செய்பவர்களும் கிடைத்தற்கரிய திறன் உள்ளவர்களும். இந்த விதி இல்லாத வரம்பு வெறும் இரண்டு எண்கள்தான். நடுவில் பழைய பேரமே தொடரும்.

பதின்மூவாயிரத்தைப் பிரித்துப் பார்த்தல்

இப்போது ஆட்களை உள்ளே வைக்கலாம். கவிதாவின் சம்பளம் நடுப்புள்ளியில் 86 சதவீதம். பிரபுவுடையது 112 சதவீதம். இருவருமே வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். "எல்லோரும் வரம்புக்குள் இருக்கிறார்கள், பிரச்சினை இல்லை" என்று பல நிறுவனங்கள் இந்த இடத்தில் கோப்பை மூடிவிடுகின்றன. உண்மையான கேள்வியே இங்குதான் தொடங்குகிறது: 13,000-இல் எத்தனை ரூபாய்க்கு வேலை சார்ந்த காரணம் இருக்கிறது?

அனுபவத்தில் கவிதா ஒரு வருடம் கூட. கடந்த வருட மதிப்பீட்டில் இருவருக்கும் 'நன்று'. ஊர் ஒன்று, ஷிஃப்ட் ஒன்று. பிரபுவிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது: அவர் ஐ.எஸ்.ஓ. 9001 முதன்மைத் தணிக்கையாளர் பயிற்சி பெற்றவர். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தணிக்கைக்கு வரும்போது முன்னின்று பதில் சொல்பவர் அவர். அந்தத் திறனுக்கு மாதம் 3,000 தரலாம் என்பது நிறுவனத்தின் முடிவு. மீதிக்கு எங்கே தேடினாலும் வேலை சார்ந்த காரணம் கிடைக்கவில்லை.

கிடைப்பது வரலாறுதான். கவிதா ஆறு வருடத்துக்கு முன் 28,700 ரூபாயில் சேர்ந்தார். வருடத்துக்கு ஏழு சதவீதம் என்று ஆறு இன்கிரிமென்ட், 43,000 வந்தது. யாரும் அவரை வேண்டுமென்றே தாழ்த்தவில்லை. பிரபு பழைய நிறுவனத்தில் 48,000 வாங்கிக்கொண்டிருந்தார். சுமார் 17 சதவீதம் கூட்டிக் கேட்டார். ஆள் அவசரம் என்பதால் கொடுத்தார்கள். உள்ளே இருப்பவரின் சம்பளம் இன்கிரிமென்ட் வேகத்தில் நடக்கிறது, வெளியிலிருந்து வருபவரின் சம்பளம் சந்தை வேகத்தில் ஓடுகிறது. சில வருடங்கள் போனால், இருந்து உழைத்தவர் பின்தங்கியிருப்பார். சம்பள வேறுபாடுகளுக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். மிக அநியாயமானதும் இதுவே: நிறுவனத்தை நம்பி இருந்ததற்கு விதிக்கும் அபராதம் இது.

நிறுவனத்தின் சொந்த விதிப்படி இருவரும் எங்கே இருக்க வேண்டும்? இருவருமே வேலையை முழுதாகச் செய்பவர்கள், இளையவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள். அதனால் நடுப்பகுதியில், சுமார் 51,000. பிரபுவுக்குத் திறன் தொகை சேர்ந்து 54,000. அதாவது பிரபு 2,000 மேலே இருக்கிறார், கவிதா 8,000 கீழே இருக்கிறார். 13,000-இல் 3,000-க்குக் காரணம் உண்டு, 10,000-க்கு இல்லை.

பிரபுவின் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. அவர் கேட்டார், நிறுவனம் ஒப்புக்கொண்டது; அதில் அவர் தவறு எதுவும் இல்லை. அடுத்த ஒன்றிரண்டு வருடம் அவருடைய இன்கிரிமென்ட் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். கவிதாவுக்கு வருடாந்திர இன்கிரிமென்டோடு கலக்காமல், இப்போது 4,000, ஆறு மாதம் கழித்து 4,000 என்று திருத்தம். இன்கிரிமென்டோடு கலந்து கொடுத்தால், நன்றாக வேலை செய்ததற்கான பரிசு எது, பழைய குறையைச் சரிசெய்தது எது என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

கேள்வி கேட்டவருக்கு மட்டும் திருத்தம் செய்தால் கேட்காதவர்களுக்குத் துரோகம் செய்ததாகும். நான்காம் கிரேடில் இருக்கும் பதினான்கு பேரையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். ஐந்து பேர் விதிக்குக் கீழே. மொத்தக் குறை மாதம் 24,000. பதினான்கு பேரின் மாதச் சம்பளம் சேர்ந்து சுமார் ஏழு லட்சம் என்றால் இது மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு. பட்ஜெட் இல்லை என்று சொல்லும் முதலாளி ஒன்றை யோசிக்க வேண்டும். கவிதா வேலையை விட்டால், அவர் இடத்துக்கு வருபவரை 43,000-க்கு எடுக்க முடியாது. ஐம்பதைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். மிச்சம் பிடித்ததாக நினைத்த 8,000 முதல் மாதமே கையை விட்டுப் போகும். கூடவே எட்டு வருட அனுபவமும்.

சட்டம் எந்த இடத்தில் குறுக்கே வருகிறது?

இந்த எடுத்துக்காட்டில் குறைவாக வாங்குபவர் பெண், கூடுதலாக வாங்குபவர் ஆண். அதைக் கவனிக்காமல் கடந்துபோக முடியாது. ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் பாலினத்தைக் காரணமாக்கிச் சம்பள வேறுபாடு காட்டக் கூடாது என்பதை 1976-இன் சம ஊதியச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு அதை உள்வாங்கிக்கொண்டு, அதையே சொல்கிறது. 'ஒத்த தன்மையுள்ள வேலை' என்பதற்கு அது தரும் அளவுகோல் திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு, வேலைச் சூழல். பதவிப் பெயர் அதில் இல்லை. மேலே பார்த்த மதிப்பெண் முறை ஏறக்குறைய இதே காரணிகளைத்தான் அளக்கிறது. சமப்படுத்துவதற்காக யாருடைய ஊதியத்தையும் குறைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இது தாளில் மட்டும் இருக்கும் சட்டம் அல்ல. மெக்கின்னன் மெக்கன்சி என்ற நிறுவனத்தில் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைவான சம்பளம் தரப்பட்டதை எதிர்த்து ஆட்ரி டி'கோஸ்டா தொடுத்த வழக்கில், 1987-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையே ஒப்பந்தம் இருந்ததும், நிறுவனத்தின் நிதி நிலைமையும் சம ஊதியத்தை மறுக்கக் காரணம் ஆகாது என்று அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது.

ஆகவே கிரேடு வாரியாகப் பட்டியல் தயாரானதும், ஆண்களும் பெண்களும் நடுப்புள்ளியில் எத்தனை சதவீதத்தில் நிற்கிறார்கள் என்று தனித்தனியாகப் பார்ப்பது அவசியம். யாரும் மனதறிந்து பாகுபாடு காட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் சேரும்போது "பழைய சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டு அதன்மேல் சதவீதம் கூட்டுகிற பழக்கம், முந்தைய நிறுவனத்தில் நடந்த குறையைப் புதிய நிறுவனத்துக்குச் சுமந்து வருகிறது. குழந்தை பிறப்புக்காக இரண்டு வருடம் இடைவெளி விட்ட பெண்ணை அது மிகக் கடுமையாக அடிக்கும். வரம்பு இருக்கிற நிறுவனத்துக்குப் பழைய சம்பளத்தைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

எதிரே உட்கார்ந்து சொல்லுதல்

கணக்கு முடிந்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஊழியரிடம் பேசும்போது இந்த விஷயங்கள் வர வேண்டும்: உங்கள் பணி எந்தக் கிரேடில், ஏன், அதன் வரம்பு எவ்வளவு, அதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், மேலே போக என்ன செய்ய வேண்டும். இன்னொருவரின் சம்பளத்தைச் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. விதியைச் சொன்னால் போதும்.

கவிதாவிடம் எச்.ஆர். மேலாளர் பேசுகிறார்.

"உட்காருங்க மேடம். உங்க வேலை நான்காம் கிரேடு. வரம்பு நாற்பதிலிருந்து அறுபதாயிரம். உங்களை மாதிரி தனியா முழு வேலையும் பார்க்கிறவங்க நாற்பத்தாறிலிருந்து ஐம்பத்துநாலுக்குள்ள இருக்கணும்னு எங்க விதி. நீங்க நாற்பத்துமூணுல இருக்கீங்க. இது உங்க வேலையில குறை இல்லை. வருஷா வருஷம் கொடுத்த இன்கிரிமென்ட் சந்தை வேகத்துக்கு ஈடு கொடுக்கலை, நாங்களும் கவனிக்கலை. எட்டாயிரம் ரெண்டு தவணையில சரியாகும்."

"சரி சார். பிரபு சாருக்கு ஐம்பத்தாறுன்னு கேள்விப்பட்டேன். அப்பவும் அவருக்குக் கூடத்தானே?"

"அவர் சம்பளத்தைப் பத்தி உங்ககிட்ட நான் பேச முடியாதுங்க, உங்களுடையதை அவர்கிட்டயும் பேச மாட்டேன். பொதுவா சொல்றேன். தணிக்கையை முன்நின்னு நடத்தற தகுதி இருக்கிறவங்களுக்கு மூவாயிரம் கூட உண்டு. இந்த வருஷம் ரெண்டு பேரை அந்தப் பயிற்சிக்கு அனுப்பறோம். உங்களுக்கு விருப்பம்னா பேரைக் கொடுங்க."

இந்தப் பேச்சில் கவிதாவுக்குக் கிடைத்தவை ஒரு காரணம், ஒரு தேதி, ஒரு வழி. குறை எங்கே நடந்தது என்பதை மேலாளர் வேறு வார்த்தை போட்டு மூடவில்லை. "மேனேஜ்மென்ட் முடிவு", "கம்பெனி பாலிசி", "மார்க்கெட் அப்படி" என்ற மூன்று வாக்கியங்களில் ஒன்று வந்திருந்தாலும் அவர் அன்றே வேறு வேலைக்கு விண்ணப்பித்திருப்பார்.

நியாயமான வேறுபாட்டை விளக்குவது இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே கொடுக்கப் பணம் இருக்காது. உற்பத்திப் பிரிவின் முருகனுக்கு மூன்று வருட அனுபவம், சம்பளம் 44,000. "நானும் அதே கிரேடுதானே, எனக்கு ஏன் ஐம்பது இல்லை?" என்று கேட்கிறார். அவரிடம் "இன்னும் அனுபவம் வேண்டும்" என்று சொல்லி அனுப்பினால் அது பதில் ஆகாது. இரவு ஷிஃப்டை மேற்பார்வை இல்லாமல் நடத்துகிறாரா, இயந்திரம் நின்றால் காரணத்தைத் தானே கண்டுபிடிக்கிறாரா, வாடிக்கையாளர் புகாருக்கு அறிக்கை எழுதுகிறாரா? இந்த மூன்றில் முருகன் ஒன்றைச் செய்கிறார், இரண்டுக்கு இன்னும் மூத்தவரை அழைக்கிறார். அந்த இரண்டையும் எழுதிக் கொடுத்து, ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு தேதியில் மறுபடி பார்ப்போம் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆனால் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார்.

இதைப் பேச வேண்டியவர் நேரடி மேலாளர் என்றால், அவருக்கு முதலில் பயிற்சி தேவை. தன் குழுவினர் எங்கே நிற்கிறார்கள் என்பதே தெரியாத மேலாளரை இந்தப் பேச்சுக்கு அனுப்பினால், "எனக்கும் தெரியாதுப்பா, எச்.ஆரைக் கேள்" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தில் மொத்த உழைப்பும் வீணாகிவிடும்.

ஊழியரும் கேட்பதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சொல்வது வருட சி.டி.சி. ஆக இருக்கும், இன்னொருவர் சொல்வது வங்கியில் ஏறும் தொகையாக இருக்கும். நிறுவனம் செலுத்தும் பி.எஃப்., கிராஜுவிட்டி ஒதுக்கீடு, வருடக் கடைசியில் வரும் ஊக்கத்தொகை எல்லாம் முதலாவதில் சேரும், இரண்டாவதில் சேராது. இரவு ஷிஃப்ட் படியும் வெளியூர்ப் படியும் அடிப்படைச் சம்பளத்தில் கலந்திருந்தால் ஒப்பீடே குழம்பிவிடும். ஒரே மாதத்தின் மொத்தச் சம்பளத்தை மொத்தச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்த பிறகு கேட்டால் கேள்விக்கு வலு கூடும். கேட்கும்போது "அவருக்கு ஏன் அதிகம்?" என்பதைவிட "என் பணியின் வரம்பு என்ன, நான் அதில் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டால் மேலாளரால் நழுவ முடியாது.

வரம்பு கெட்டுப்போவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருமுறை செய்துவிட்டால் போதும் என்று விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அடையாளங்கள் தெளிவாகவே தெரியும். புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரும் நடுப்புள்ளிக்கு மேலேயும் பழையவர்கள் எல்லோரும் கீழேயும் இருந்தால், வரம்பு சந்தையைவிடப் பின்தங்கிவிட்டது என்று பொருள். வருடத்துக்கு ஒருமுறை நடுப்புள்ளியை நகர்த்தாவிட்டால் இதுதான் நடக்கும். யாராவது உச்சியைத் தொட்டதும் அவருடைய பணியையே மேல் கிரேடுக்கு மாற்றுகிறார்கள் என்றால், மறுபடியும் ஆளை எடைபோட ஆரம்பித்துவிட்டார்கள் என்று பொருள். உச்சியில் இருப்பவருக்கு ஒரு வருட ஊக்கத்தொகை தரலாம், பெரிய பொறுப்புள்ள வேலைக்கு மாற்றலாம்; நாற்காலியின் எடையைத் திருத்தி எழுதக் கூடாது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. சந்தை விலை என்பது நியாய விலை அல்ல. பெண்கள் அதிகமாகச் செய்யும் வேலைகளுக்குச் சந்தையே குறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்தால், கணக்கெடுப்பு அந்தக் குறையை அப்படியே வரம்புக்குள் கொண்டுவந்து சேர்க்கும். மதிப்பெண்ணும் சந்தைத் தொகையும் ஒத்துப்போகாத பணியிடங்களைத் தனியாக எடுத்து வைத்து, எதை நம்புவது என்று நிறுவனம் மனசாட்சியோடு முடிவு செய்ய வேண்டும். எந்த அட்டவணையும் அந்த முடிவை அதற்காக எடுத்துக் கொடுக்காது.

நூறு பேர் வேலை செய்யும் நிறுவனம் இதற்கெல்லாம் பெரிய ஆலோசகரை அழைக்க வேண்டியதில்லை. புதிய ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன், இந்தத் தொகை ஏன் என்று கோப்பில் இரண்டு வரி எழுதட்டும். அதே கிரேடில் ஏற்கெனவே இருப்பவர்களிடம் அந்த இரண்டு வரியை வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று யோசிக்கட்டும். சொல்ல முடிந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். சொல்ல முடியாதென்றால், புதியவரின் தொகையைக் குறைக்க வேண்டும், அல்லது பழையவர்களின் தொகையை அதே மாதம் கூட்ட வேண்டும்.